அக்கா மகனுக்கு முதல் கன்சோல்: கடை கவுன்டரில் ஒரு முக்கால் மணி நேரம்

"அக்கா பையனுக்கு வீடியோ கேம் ஒண்ணு வாங்கணும் தம்பி. பிஎஸ் 5தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன விலை?"

சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கேம் கடையில் எட்டு வருடமாக கவுன்டரில் நிற்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குவார்கள். விலையைச் சொல்லி, பெட்டியை எடுத்து வைத்து, பில் போட்டு அனுப்ப ஐந்து நிமிடம் போதும். அப்படி வாங்கிப் போனவர்களில் சிலர் ஒரே மாதத்தில் திரும்பி வந்து, "இதை எடுத்துக்கிட்டு வேற குடுங்க" என்று நிற்பதைப் பார்த்த பிறகு, நான் விலையை முதலில் சொல்வதை விட்டுவிட்டேன்.

இவர் மடிப்பாக்கத்தில் இருப்பவர். எட்டு வயதில் ஒரு மகள் உண்டு, ஆனால் அவள் டேப்லட்டோடு சரி. கன்சோல் என்பது இவருக்கே புதிது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தாய்மாமன் கையால் கொடுக்க வேண்டும், அறுபதாயிரத்துக்குள் முடிய வேண்டும். அன்று அவரோடு பேசிய வரிசையிலேயே எழுதுகிறேன். நான் சொல்லும் விலைகள் அந்தத் தள்ளுபடி வாரத்து விலைகள். வாங்கும் நாளில் நீங்கள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள்

"பையனுக்கு என்ன வயசு சார்? எந்த ஊரு?"

"பதினொண்ணு. ஆறாவது படிக்கிறான். ஊரு தேனிப் பக்கம் போடி."

"வீட்ல வைஃபை இருக்கா?"

"இல்ல. அக்கா ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்குவாங்க. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி."

"டிவி?"

"ஹால்ல 32 இன்ச் இருக்கு. ஆனா ராத்திரி ஏழுல இருந்து எங்க அம்மா சீரியல் பாப்பாங்க."

"பையன் யார் கூட விளையாடுவான்?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. அக்காவுக்கு ஃபோன் போட்டார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனும் சித்தப்பா மகனும் சனி ஞாயிறில் வருவார்கள், மூன்று பேரும் ஃபோனில் ஃபுட்பாலும் கிரிக்கெட்டும் மாற்றி மாற்றி ஆடுவார்கள் என்று தெரிந்தது. அப்படியே டிவியின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எச்டிஎம்ஐ துளை இரண்டு இருந்தது. ஒன்றில் செட்டாப் பாக்ஸ் செருகியிருந்தது, இன்னொன்று காலி. ஒரே துளை இருக்கும் பழைய டிவியாக இருந்தால் பாட்டி சீரியல் பார்க்கும்போதெல்லாம் கேபிளைப் பிடுங்கி மாட்ட வேண்டிவரும். அதில் கன்சோலின் எச்டிஎம்ஐ துளைதான் முதலில் ஆட்டம் காணும். சர்வீஸுக்கு வரும் மெஷின்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு அது.

வயது, இணையம், டிவி, கூட்டாளிகள் ஆகிய இந்த நான்கும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

மூன்று பெட்டிகள், ஒரே வீடு

மூன்றையும் கண்ணாடி மேஜையில் வைத்தேன்: நின்டென்டோ ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிஎஸ் 5 ஸ்லிம்.

ஸ்விட்சைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. டிவியே வேண்டாம், கையில் வைத்து ஆடலாம். பாட்டியின் சீரியலுக்கும் தொந்தரவில்லை. அந்த வீட்டுக்கு அது நல்ல பொருத்தம்தான், அதை அவரிடம் மறைக்கவில்லை. பையனுக்கு ஏழு வயதாக இருந்து, வீடு சென்னையில் இருந்திருந்தால் அதையே கையில் கொடுத்திருப்பேன்.

தயக்கம் வேறு இடத்தில். நின்டென்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வியாபாரிகள் இறக்கியவை. அதனால் கம்பெனி வாரண்டி கிடையாது. விற்ற கடை என்ன சொல்கிறதோ அதுதான் வாரண்டி. ஸ்விட்சின் பக்கவாட்டில் மாட்டும் ஜாய்கான் கன்ட்ரோலரில் ஒரு பழைய நோய் உண்டு: யாரும் தொடாமலே ஆட்டக்காரன் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருப்பான். டிரிஃப்ட் என்போம். சென்னையில் இருந்தால் ஒரு மதியத்தில் சரிசெய்து வாங்கிப் போகலாம். போடியில் இருந்து அதற்காக யார் வருவது?

இன்னொரு பொறியும் இருக்கிறது. இதன் புது மாடலான ஸ்விட்ச் 2 வாங்குகிறவர்கள் பெட்டி எந்த நாட்டுடையது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஜப்பானில் விலை குறைவாக விற்கும் ஒரு பதிப்பு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இயங்கும். ஜப்பான் நாட்டுக் கணக்கு மட்டும்தான் அதில் சேரும். "மத்த கடையை விட எட்டாயிரம் கம்மி" என்று யாராவது கொடுத்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மூன்றிலும் சின்னது, அழகானது. ஆனால் அதில் டிஸ்க் போடும் வழியே இல்லை. எல்லா கேமையும் இணையத்தில் இருந்துதான் இறக்க வேண்டும். நான் ஒரு துண்டுத் தாளில் கணக்கை எழுதிக் காட்டினேன். இப்போதைய கேம் ஒன்று 60 ஜிபி என்று வையுங்கள். ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. 60-ஐ 1.5-ஆல் வகுத்தால் 40 நாள். அந்த நாற்பது நாளும் அக்கா ஃபோனில் வேறு எதுவும் பார்க்கக் கூடாது. நடுவில் அப்டேட் வந்தால் இன்னும் பத்து நாள்.

"அப்ப தீபாவளிக்குக் குடுத்தா கார்த்திகைக்குத்தான் விளையாடுவான்" என்றார். நல்ல பிராட்பேண்ட் இருக்கிற வீட்டுக்கு சீரிஸ் எஸ் தாராளமாக வாங்கலாம். மாதச் சந்தா கட்டினால் நிறைய கேம் கிடைக்கும். இந்த வீட்டுக்கு ஆகாது.

டிஸ்க் உள்ளதா, இல்லாததா

பிஎஸ் 5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் 44,990. அந்தத் தள்ளுபடி வாரத்தில் டிஸ்க் உள்ளது 49,990-க்கு ஓடிக்கொண்டிருந்தது. யாருமே முதலில் குறைந்த விலைப் பெட்டியைத்தான் தொடுவார்கள், இவரும் தொட்டார்.

"பத்தாயிரம் மிச்சம்தானே தம்பி? ரெண்டும் ஒரே மெஷின்தானே?"

மெஷின் ஒன்றுதான். மிச்சம்தான் கேள்வி. எங்கள் கடையில் பழைய டிஸ்க் ஒன்று 2,000 ரூபாய்க்கு வாங்கி, ஆடி முடித்துத் திருப்பிக் கொடுத்தால் பெட்டியும் டிஸ்க்கும் நன்றாக இருக்கும்வரை 1,300, 1,400 எடுத்துக்கொள்கிறோம். ஆக ஒரு கேமுக்கு ஆகும் செலவு அறுநூறு எழுநூறு. டிஜிட்டலில் வாங்கியதை விற்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனோடு மாற்றிக்கொள்ளவும் முடியாது. புது கேம் ஐயாயிரத்தை ஒட்டி இருக்கும். அதைவிட முக்கியமாக, பழைய டிஸ்க் வாங்கும்போதெல்லாம் அதே கேமின் டிஜிட்டல் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கேமுக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு மிச்சமானால்கூட ஏழெட்டு கேமில் அந்தப் பத்தாயிரம் திரும்பி வந்துவிடும். வருடத்துக்கு நான்கு கேம் ஆடும் பையனுக்கு இரண்டு வருடம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஎஸ் 5-க்கான இணையக் கடையான ப்ளேஸ்டேஷன் ஸ்டோரில் சேல் போடும்போது பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே வரும். வேகமான இணையம் இருந்து, சேலுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த பெரியவருக்கு டிஜிட்டல் நட்டமில்லை. பதினொரு வயதுப் பையனுக்குக் காத்திருக்கத் தெரியாது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க் இருந்தால் இணையமே வேண்டாம் என்பது தவறு. டிஸ்க்கில் உள்ளது மெஷினுக்குள் ஏறும், பிறகு ஆடும்போதும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். சில பெட்டிகளுக்குள் டிஸ்க்குக்குப் பதில் இணையத்தில் கேமை இறக்குவதற்கான எண் அச்சடித்த தாள்தான் இருக்கும். சில கேம் டிஸ்க்கில் பாதிதான் இருக்கும், மீதியை இணையத்தில் இறக்க வேண்டும். இணையம் அவசியமா என்று அட்டையிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்லிம்மில் கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவ் என்பதால் முதல் முறை அதை மெஷினோடு இணைக்கவும் ஒருமுறை இணையம் வேண்டும். ஊருக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த கேம், இன்னொரு கன்ட்ரோலர்

"ஜிடிஏ வேணும்னு கேட்டான்."

"அது 18 போட்டது சார்." அட்டையின் கீழ் மூலையில் இருக்கும் எண்ணைக் காட்டினேன். 3, 7, 12, 16, 18 என்று ஐரோப்பிய முறையில் இருக்கும். அது ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதற்கான எண் இல்லை, எந்த வயதுக்கு ஏற்ற காட்சிகள் என்பதற்கானது. ஃபுட்பாலுக்கு 3 போட்டிருக்கும். மூன்று வயதுக் குழந்தையால் அதை ஆட முடியாது. ஜிடிஏ-வில் ஆட்டம் எளிது, காட்சிகள்தான் பெரியவர்களுக்கானவை. பையன் கேட்டதால் மறுபடி மறுபடி வந்து கேட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. பதினொரு வயதுக்கு நான் எடுத்துக் கொடுப்பதில்லை.

மூன்று பேர் கூடி ஆடும் வீடு என்பதால் ஒருவரே தனியாக ஆடும் கதை கேம் எதுவும் எடுக்கவில்லை. போன வருடத்து ஃபுட்பால் டிஸ்க் ஒன்று, பழையது, 1,800. கிரிக்கெட் 24 ஒன்று, பழையது, 2,000. வாங்கும் முன் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். மெல்லிய கோடுகள் பரவாயில்லை, நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் வேண்டாம். பிறகு கடை மெஷினில் போட்டு, நிறுவத் தொடங்குகிறதா என்று காட்டினேன். இவை போக, ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம் என்ற கேம் பிஎஸ் 5-க்குள் ஏற்கெனவே இருக்கும். இணையம், டிஸ்க் எதுவும் இல்லாமல் முதல் நாளே ஆடலாம், கன்ட்ரோலர் பிடிக்கப் பழகவும் அதுதான் நல்லது.

பெட்டியில் ஒரு கன்ட்ரோலர்தான் வரும். கூடப் பிறந்தவர்களும் கூட்டாளிகளும் உள்ள வீட்டுக்கு இரண்டாவது கன்ட்ரோலர் வாங்காமல் போனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே சண்டைதான். "பிஎஸ் 4-ஓட பழசு ஒண்ணு ஃப்ரெண்டுகிட்ட இருக்கு, அதைப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். பிஎஸ் 4 கன்ட்ரோலர் பிஎஸ் 5-இல் சேரும். ஆனால் பிஎஸ் 4 கேம்களை மட்டும்தான் ஆட விடும், பிஎஸ் 5 கேமில் வேலை செய்யாது. புதிதாக ஒன்று எடுத்தார், 5,990.

கூட்டினோம்: 49,990, 5,990, 1,800, 2,000. மொத்தம் 59,780. ஆன்லைனில் ஆடும் பிஎஸ் ப்ளஸ் சந்தாவை நானே வேண்டாம் என்றேன். ஒரே சோபாவில் உட்கார்ந்து இரண்டு பேர் ஆட அது தேவையில்லை. ஊரில் பிராட்பேண்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பில் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் எழுதிய எண்ணும் ஒன்றா. மாடல் எண்ணில் CFI-2008 என்பது போல CFI-க்குப் பின் வரும் நான்கு இலக்கம் 08-இல் முடிகிறதா, அதாவது இந்தியாவுக்கான பெட்டியா. பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா. வேறு நாட்டுப் பெட்டி விலை குறைவாகக் கிடைக்கும், ஒரு வருட இந்திய வாரண்டி அதற்கு நிற்காது.

ஊருக்கு எடுத்துப் போகும் முன், உங்கள் வீட்டில்

அவரிடம் கெஞ்சிக் கேட்டதே இதுதான்: பெட்டியைப் பிரிக்காமல் பரிசாகக் கொடுக்க வேண்டாம். மடிப்பாக்கத்தில் வைஃபை இருக்கிறது. அங்கேயே ஒரு ராத்திரி மாட்டி, மெஷினின் மென்பொருள் அப்டேட், டிஸ்க் டிரைவ் இணைப்பு, இரண்டு கேமும் ஏற்றி அவற்றின் அப்டேட், எல்லாவற்றையும் முடித்துவிட்டு, திரும்ப அழகாகக் கட்டிக் கொண்டுபோங்கள். பையன் பெட்டியைத் திறந்த பத்தாவது நிமிடம் ஆடத் தொடங்குவான். இல்லையென்றால் தீபாவளி அன்று ஒரு நீலக் கோடு நகர்வதை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டிவரும்.

கணக்குத் தொடங்கும் வரிசை முக்கியம். குடும்பத்துக்குப் பொறுப்பாளர் கணக்கு அக்காவின் பெயரில் இருக்கட்டும், மாமன் பெயரில் வேண்டாம். பையன் அனுமதி கேட்டால் தினம் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். அக்கா ஃபோனிலேயே தன் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கிக்கொள்ளலாம். நாடு இந்தியா என்று போடுங்கள். பிறகு அதை மாற்றவே முடியாது. அந்தக் கணக்கில் மெஷினுக்குள் நுழைந்து, இந்த வழியில் போக வேண்டும்:

```
Settings > Family and Parental Controls > Family Management
```

அங்கே குழந்தையைச் சேர்க்கும்போது பையனின் உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். பதிவு சீக்கிரம் முடியட்டும் என்று பெரியவர் வயதைப் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போட்டால் கீழே வரும் எந்தக் கட்டுப்பாடும் அவன் கணக்குக்குப் பொருந்தாது. மாதச் செலவு வரம்பை பூஜ்யத்தில் வையுங்கள். ஃபுட்பால் கேமுக்கு வயது 3 என்றாலும் உள்ளே ஆட்டக்காரர் அட்டைகளைக் காசுக்கு விற்பார்கள், பையன்கள் பணத்தைத் தொலைப்பது பெரும்பாலும் அங்கேதான். ஏடிஎம் கார்டு எண் எதையும் மெஷினில் சேமிக்க வேண்டாம். விளையாடும் நேரத்தை நாளுக்கு ஒன்றரை மணி என்று வைக்கலாம். நேரம் முடிந்தால் என்ன செய்வது என்று கேட்கும்: வெறுமனே அறிவிப்பதா, வெளியேற்றுவதா என்று. அறிவிப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால் திரையில் ஒரு வரி வந்து போகும், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இத்தனையும் செய்து கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பையன் புதிதாக இன்னொரு பயனர் பெயரை உண்டாக்கி அதில் ஆடினால் மேலே வைத்த பூட்டு எதுவும் அவனைத் தொடாது. அதே Family and Parental Controls பக்கத்தில் PS5 Console Restrictions என்று இருக்கும். அதன் கடவு எண் கடையிலிருந்து வரும்போது 0000. அதை மாற்றி, புதுப் பயனர் உண்டாக்குவதைத் தடை செய்யுங்கள். அக்காவின் கணக்குக்கும் உள்நுழைய நான்கு எண் போடுங்கள். இதை நான் சொல்லச் சொல்ல அவர் தன் ஃபோனில் எழுதிக்கொண்டார்.

போடி வீட்டில் வைக்கும் இடம்

சுவரில் இருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி, காற்று போகும்படி வைக்க வேண்டும். டிவி ஸ்டாண்டில் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் வைத்தால் விசிறி அலறும், கொஞ்ச நேரத்தில் சூடு அதிகம் என்று அணைந்துவிடும். படுக்க வைப்பதற்கான சின்னக் கால்கள் பெட்டியிலேயே இருக்கின்றன. நிற்க வைக்கும் ஸ்டாண்டு தனியாக வாங்க வேண்டும். பையன்கள் ஓடும் வீட்டில் படுத்தே இருக்கட்டும். வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தைக் கரப்பான் பூச்சி தேடி வரும். சமையலறைச் சுவரை ஒட்டி வைத்த ஒரு மெஷினைத் திறந்தபோது உள்ளே முட்டைகளே இருந்தன.

மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் என்றால் ஆடி முடித்ததும் ரெஸ்ட் மோடில் விடாமல் Turn Off PS5 கொடுத்து முழுதாக அணைக்கப் பழக்குங்கள். ரெஸ்ட் மோடில் மெஷின் பாதி விழித்துக்கொண்டுதான் இருக்கும். அப்போது கரண்ட் போனால் அடுத்த முறை சேமிப்பகத்தைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கும். அடிக்கடி அப்படி நடந்தால் சேவ் செய்த ஆட்டம் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு.

தீபாவளிக்கு மறுநாள் அவரிடம் இருந்து ஃபோன் வந்தது. பின்னால் பையன்கள் கத்தும் சத்தம்.

"தம்பி, எல்லாம் நல்லா ஓடுது. ஆனா பேட்டை சுத்தினா கொஞ்சம் லேட்டா சுத்துதுன்னு சொல்றான். மெஷின்ல கோளாறா?"

"மெஷின் இல்ல சார், டிவி. டிவி ரிமோட்ல படத்துக்கான மெனுவுக்குப் போங்க, ஸ்டாண்டர்ட்னு இருக்கிறதை கேம்னு மாத்துங்க." டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்னத் தாமதம் சீரியலில் தெரியாது, பந்து வரும்போது தெரியும். கேம் என்று மாற்றினால் மெருகேற்றலை விட்டுவிட்டுப் படத்தை உடனே காட்டும்.

ஃபோனை வைக்காமல் ரிமோட்டைத் தேடினார்கள். பாட்டியின் தலையணைக்கு அடியில் இருந்தது. அரை நிமிடம் கழித்து ஒரு சின்னக் குரல், ஃபோனுக்கு வெகு அருகில்: "மாமா, இப்ப சரியா படுது!"